என் மனைவி எழுதிய முன்னுரை

ஆய்வேட்டில் மற்ற இயல்கள் எல்லாம் முடிந்திருந்தன. முன்னுரை ஒன்றுதான் முடியவில்லை. அது மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த அன்று, என் மனைவி அதை அரிசி டின் மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கழனிக் கிணற்றில் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டு வருவார்கள். கருகின கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். அவள் தமிழில் எம்.ஏ., எம்.பில். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தாள். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் கூப்பிட்டால் உண்டு.

அந்த வருஷம் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதற்குச் சீட்டு காட்டினால் ஜூன் மாதம் வரலாம். இல்லையென்றால் வேண்டாம். பல்கலைக்கழகமும் கடைசித் தவணை கொடுத்துவிட்டது. டிசம்பர் தாண்டினால் பதிவு ரத்து. அதுவரை எழுதியது அத்தனையும் வெறும் காகிதம். அவளுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் புதிதாக யார் எடுப்பார்கள்?

அவள் தலைப்பு, உத்திரமேரூர் வட்டார இடப்பெயர்கள். ஓர் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது, ஏரியால் வந்ததா, மரத்தால் வந்ததா, கோயிலால் வந்ததா என்று பிரித்து எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையை மூடிவிட்டு டி.வி.எஸ்.-இல் அவளைக் கூட்டிப் போவேன். காவாந்தண்டலம் பக்கம் எல்லாம் ஒரு ஊர் பாக்கி இல்லை. அவள் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். நான் வண்டியருகே நிற்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரின் வீடு காஞ்சிபுரத்தில். என் மனைவியை விட வயதில் சின்னவர். எம்.பில். படிக்கும்போது இவளுக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்தவர். அவருக்கு அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. இவளுக்குக் கிடைக்கவில்லை. இவள் அவரை சார் என்பாள். அவர் இவளை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

முதல் முறை முன்னுரை திரும்பியபோது நானும் உடன் இருந்தேன்.

"அக்கா, நாப்பது பக்கம் எழுதிக்கீறீங்க. இதுல உத்திரமேரூர் எங்க வருது?"

அவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள்.

"கடேசில வருது. அதுக்கு முன்னால இன்னா கீது? பூமி நெருப்பா சுத்திக்கினு கீது. அப்புறம் குளுருது. மழ பெய்யுது. மனுஷன் குகையவுட்டு வெளிய வர்றான். ஆத்தங்கரைக்கு வர்றான். பேசக் கத்துக்கிறான். நான் படிச்சிக்கினே கீறேன், இன்னும் நம்ம தாலுக்காவுக்கு வந்து சேரல அவன்."

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இங்கேர்ந்து உத்திரமேரூர் போறதுக்கு டெல்லி வழியா போவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"பொதுவா ஆரம்பிக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள்.

"பொதுவா ஆரம்பிக்கணும்தான். ஆனா அங்கியே குடித்தனம் பண்ணக்கூடாது. மண்ணெண்ண ஊத்துற புனல் கீதே, அது மாரி. மேல அகலம். எறங்க எறங்க குறுகிக்கினே வரணும். இடப்பேர் ஆய்வுன்னா இன்னா, எதுக்கு அது? ஒரு பக்கம். தமிழ்நாட்ல அதப் பண்ணவங்க யாரு, இன்னா கண்டாங்க? ரெண்டு மூணு பக்கம். அவங்க எத வுட்டுட்டாங்க? அது ஒரு பத்தி. ஆனா உயிர் அங்கதான் கீது. அந்த வுட்ட எடத்துல நீங்க போயி நிக்கிறீங்க. அதான் உங்க நோக்கம். அப்புறம் எந்த இயல்ல எதச் செய்யப்போறீங்கன்னு வரிசையா சொல்லிடுங்க. தேர்வாளர் அதப் படிச்சிட்டு உள்ள போனா வழி தவறக்கூடாது. அவ்ளோதான் முன்னுரை."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் வெட்ட ஆரம்பித்தாள். பூமி போனது. குகை போனது. ஒவ்வொரு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்தது எல்லாம். இரண்டாம் முறை கொண்டு போனாள். நோக்கம் முன்னால் இருக்கிறது, மற்றவர்கள் செய்தது பின்னால் இருக்கிறது, மாற்றுங்கள் என்று திருப்பினார். மாற்றினாள். மூன்றாம் முறை கொண்டு போனாள். அது திரும்பியதற்குக் காரணம் ஒரே ஒரு வரி.

அந்த வரி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பஜாரில் ஒரு பாய் கம்ப்யூட்டர் வைத்துத் தட்டச்சு செய்து கொடுத்தார். அவர் அப்பா காலத்தில் அது அரிசி மண்டி. பத்திரம், கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு எல்லாம் அங்கேதான். சுற்று வட்டாரத்தில் எம்.பில். படிக்கிறவர்கள் அத்தனை பேரும் அவரிடம் வருவார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். அவர் அடிப்பார்.

"வெட்டிட்டீங்களே டீச்சர், நல்லா இருந்ததே அந்த நெருப்புக் கோளம்" என்றார் பாய்.

"அவருக்குப் புடிக்கல."

"சரி, அடுத்தது இன்னா? இதுவரை யாரும் ஆராயலங்கிற பத்தியா?"

"ஆமா."

"அது நீங்க சொல்லவே வேணாம். என்னாண்ட ரெடியா கீது."

உண்மையில் அவரிடம் அது இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதே பத்தியைச் சொல்லிச் சொல்லி, அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் திரையில் வந்து விழும். 'இப்பொருண்மையில் இதுவரை எவ்வித ஆய்வும் மேற்கொள்ளப்படாத நிலையில், அக்குறையைப் போக்கும் வகையில் இவ்வாய்வு அமைகிறது.' தலைப்பை மட்டும் மாற்ற வேண்டும். வணிகவியலில் எம்.பில். செய்த ஒரு கோழிப்பண்ணைக்காரர் பையனுக்கும் அதைத்தான் வைத்தார். அத்தனை பேருக்கும் பட்டமும் வந்தது. அதனால் அதில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு எங்கே தோன்றும்?

நெறியாளர் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"எவ்வித ஆய்வும் இல்லன்னு போட்டுக்கீறீங்க. தேடுனீங்களா?"

"எங்க காலேஜ் லைப்ரரில பாத்தேன் சார். ஒண்ணும் இல்ல."

"உங்க காலேஜ் லைப்ரரில இன்னா கீது, ரெண்டு அலமாரி. மெட்ராஸ்ல பல்கலைக்கழகத்துல பழைய ஆய்வேடெல்லாம் வெச்சிக்கீறாங்க. அங்க பாக்காம இத எப்பிடி எழுதுனீங்க?"

"எல்லாரும் எழுதுறாங்க சார்."

"எல்லாரும் எழுதுறாங்கதான்" என்றார். பேனாவை மூடி வைத்தார். "நானும் இத்தினி நாளா அதக் கேக்காமதான் வுட்டுக்கீறேன். போயிட்டு வந்துருங்க அக்கா."

நவம்பர் மாதம் அது. மழை விட்டு விட்டுப் பெய்தது. மோட்டார் ஒன்றும் வராத நாள். அவளோடு நானும் பஸ் ஏறினேன். நூலகத்தின் உள்ளே என்னை விடவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டி வெளியே வந்தாள். குடையை உள்ளேயே விட்டுவிட்டு மழையில் நடந்து வந்தாள்.

"கொட எங்க?"

உள்ளே கை காட்டினாள். நான் போய்க் காவலாளியிடம் சொல்லி வாங்கி வந்தேன்.

"இருக்குது" என்றாள்.

"இன்னா இருக்குது?"

"எனக்கு முன்னாலியே ஒருத்தர் பண்ணிக்கீறாரு. ஜில்லா முழுக்க. நம்ம தாலுக்காவுக்கே தனி இயல். நான் போன ஊரெல்லாம் அவரும் போயிக்கீறாரு. நான் எப்பிடிப் பிரிச்சேனோ அப்பிடியே பிரிச்சிக்கீறாரு. ஏரி, மரம், கோயிலு, எல்லாம்."

"நீ அதப் பாத்து எழுதலியே."

"அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். செங்கல்பட்டு தாண்டும்போது ஒரு முறை பேசினாள்.

"நான் ஆராயலன்னா கூட ஒண்ணும் ஆயிருக்காது. ஏற்கெனவே செஞ்சி வெச்சிக்கீது."

இரண்டாம் இயல் முழுக்க ஊர்ப்பெயர்தான். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தலைப்பை மாற்றலாம் என்றால் அது பதிவான தலைப்பு, மாற்ற முடியாது. மாற்றினாலும் டிசம்பருக்குள் வேறு ஒன்று எழுத முடியாது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றால், தேர்வாளர்களில் ஒருவர் அந்தப் பழைய ஆய்வேட்டைப் பார்த்தவராக இருந்தால் போதும். காப்பி அடித்தவள் என்று ஆகிவிடும். வேலை போவது ஒன்று. இப்படிப் போவது வேறு.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சமைத்தாள், துவைத்தாள். காகிதத்தை எல்லாம் அடுக்கிச் சணல் கயிறு போட்டுக் கட்டினாள். நல்ல இறுக்கமாக முடிச்சு போட்டாள், இனி அவிழ்க்க வேண்டியதில்லை என்பதுபோல. நான் கடைக்குப் போய்க் கம்பி சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே வந்தவன் நடுவில் தவறிவிட்டேன். அவிழ்த்து மறுபடி சுற்றினேன். மறுபடி தவறினேன். மோட்டார்க்காரர், "இன்னாப்பா, வூட்ல சண்டையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாரண்ட சொன்னியா?"

"இன்னா சொல்றது."

"அங்க பாத்தத சொல்லு."

"சொன்னா இன்னா ஆவும்? அவருக்கும் தலவலி. வுட்றலாம். டியூசன் எடுத்துப் பொழச்சிக்கிறேன்."

"டியூசன் எடு. ஆனா சொல்லிட்டு எடு."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வேறு தெரியவில்லை, அதனால் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பஜாரில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவள், வெளியே நான். அவள் பேசினாள். பிறகு நிறுத்தினாள். அவர் பேசுவதைக் கேட்டாள். "இல்ல சார்" என்றாள். மறுபடியும் "இல்ல சார்" என்றாள். பிறகு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

வெளியே வந்தாள்.

"அந்தப் பழைய ஆளு முடிவுரைல இன்னா போட்டுக்கீறாருன்னு சாரு கேக்குறாரு. மேலாய்வுக் களம்னு ஒண்ணு வரும் கடேசில. நான் செய்யாதது இன்னின்னது, வர்றவங்க செய்யலாம்னு. நான் அதப் படிக்கல."

"ஏன்?"

"நம்ம தாலுக்கா இயலப் பாத்ததும் மூடிட்டேன். மேல படிக்கக் கை ஓடல."

"அவரு திட்டுனாரா?"

"திட்டல. திட்டிருந்தா நல்லாருக்கும். போய்ப் படிச்சிட்டு அப்புறம் அழுங்கக்கான்னாரு."

மறுபடி பஸ். மறுபடி அதே படிக்கட்டு. அன்றைக்கு மழை இல்லை. அவள் சாயங்காலம் நூலகம் மூடும்போதுதான் வந்தாள். சிரிக்கவில்லை. ஆனால் குடையைக் கையில் வைத்திருந்தாள்.

அந்தப் பழைய ஆய்வேட்டுக்காரர் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாராம். தாம் எடுத்துக்கொண்டவை ஊர்ப்பெயர்கள் மட்டுமே. ஊருக்குள் இருக்கும் கழனி, கொல்லை, மடை, மேடு இவற்றுக்கு மக்கள் வைத்த பெயர்களைத் தொடவில்லை. அவை பட்டாவில் இருக்காது, ஊரில் தங்கி வாய்வழியாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், தமக்கு நேரம் இல்லை, தனியே ஆராயத் தகுந்தவை.

அவளிடம் அவை இருந்தன. நான்காம் இயலின் கடைசியில் சின்னப் பகுதி. ஊர்ப்பெயர் கேட்கப் போன இடத்தில், பேச்சுவாக்கில் சொன்னார்களே என்று குறித்து வைத்தது. கள்ளிமேடு, பள்ளக்கொல்லை, இலுப்பமரத்துக் கழனி. இலுப்பை மரம் எப்போதோ போய்விட்டது, கழனி மட்டும் அந்தப் பெயரில் இருக்கிறது. சேர்த்து வைத்ததில் பாதியைக்கூட அவள் எழுதவில்லை. ஊர்ப்பெயர்தான் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தாள்.

"இடப்பேருன்னா கழனிப் பேரும் இடப்பேருதான். தலைப்ப மாத்த வேணாம்" என்றாள் பஸ்ஸில். "ஆனா இன்னாத்த எடுத்துக்கிறேன், இன்னாத்த எடுத்துக்கலன்னு ஆய்வு எல்லைல தெளிவா சொல்லணும்."

"அப்ப சரியாப் போச்சி."

"இன்னா சரியாப் போச்சி? மத்தவங்க வுட்ட எடம் மாறிச்சின்னா நோக்கம் மாறும். நோக்கம் மாறுனா இயலெல்லாம் மாறும். ரெண்டாம் இயலு அப்பிடியே போயிடும்."

"போயிடும்னா?"

"அவரு செஞ்சத நான் திரும்ப செஞ்சிருக்கேன். அதுக்கு ஒரு இயலு எதுக்கு? முன்னாய்வுகள்னு சொல்ற எடத்துல, இன்னார் ஊர்ப்பேர ஆராஞ்சாரு, இதக் கண்டாருன்னு எழுதுனாப் போதும். ஒரு பத்தி."

நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கும் அந்த ஊர்கள் தெரியும். வெயிலில் நின்றவன் நான். ஒரு பத்தி.

டிசம்பர் பிறந்துவிட்டது. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். சணல் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை, கத்தியால் அறுத்தாள். சின்னப் பகுதியாக இருந்ததைப் பெரிதாக்கினாள். தண்ணீரால் வந்த பெயர் ஓர் இயல், மண்ணால் வந்த பெயர் ஓர் இயல், மரம் பயிரால் வந்தது ஓர் இயல், ஆளால் வந்தது ஓர் இயல். விட்டுப்போனதைக் கேட்க ஊர்களுக்கு மறுபடி போய்வர நேரம் இல்லை. குறித்து வைத்ததைக் கொண்டே எழுதினாள். பத்தாத இடத்தில் பத்தவில்லை என்று எழுதினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஒரு நாள், "முடியலன்னா?" என்றாள். நான் தட்டை மூடி வைத்தேன். முடியும் என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியாது.

பாய் கடையில் முன்னுரை அடிக்க உட்கார்ந்தோம். பாய் பழக்கத்தில் அந்தப் பத்தியைத் தட்டிவிட்டார். திரையில் வந்து விழுந்தது.

"அத எடுங்க பாய்" என்றாள்.

"ஏன் டீச்சர்? எல்லாருக்கும் இதானே."

"எனக்கு முன்னால செஞ்சவர் இருக்காரு."

"அத நீங்களே சொல்லிட்டா பேஜார் ஆயிடாது? செஞ்சாச்சின்னா அப்புறம் நீங்க எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கணும். கேட்டாதான் அடுத்த வரிய படிப்பாங்க. அடிங்க, சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். முதலில் இடப்பெயர் ஆய்வு என்றால் என்ன. பிறகு தமிழகத்தில் நடந்தவை. பிறகு இந்த மாவட்டத்தில் நடந்தது, அதைச் செய்தவர் பெயர், அவர் கண்டது. அவர் எங்கே நின்றார், எதை வருகிறவர்களுக்கு விட்டார். அந்த விட்ட இடத்தை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. நோக்கம். எல்லை. இயல் பகுப்பு. குரல் ஓர் இடத்தில்கூட உயரவில்லை.

நெறியாளர் வீட்டில் அதைக் கொடுத்தோம். நாற்காலியில் சாய்ந்து படித்தார். ஒரு பக்கம் முடித்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் அவள் கை சேலை முந்தியைச் சுருட்டியது. இயல் பகுப்புக்கு வந்ததும் ஆய்வேட்டைக் கேட்டார். ஒவ்வொரு இயலாகத் திறந்து, முன்னுரையில் சொன்னது உள்ளே இருக்கிறதா என்று வைத்துப் பார்த்தார். ஆளால் வந்த பெயர்களின் இயலில் நின்றார்.

"ஆளால வந்த பேரெல்லாம் ஆராயப்படும்னு இங்க சொல்றீங்க. உள்ள நிலத்துக்காரர் பேரு மட்டும்தான் கீது. கூலிக்குப் போனவங்க பேருல கழனி இல்லியா?"

"இருக்கும் சார். நான் கேக்கல."

"அப்ப சொல்லாதீங்க. செஞ்சத மட்டும் சொல்லுங்க. செய்யாதது கடேசில போவட்டும், வர்றவங்களுக்கு."

அவள் அங்கேயே பேனா வாங்கி ஒரு சொல்லை அடித்து இரண்டு சொல் எழுதினாள். அவர் சான்றிதழ்ப் பக்கத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அக்கா, நான் முன்னாலியே உங்கள அனுப்பிருக்கணும்" என்றார். அவள் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

பாய் மறுபடி அச்செடுத்தார். பைண்டிங் போட்டு எடுத்துக்கொண்டு, மாதம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜன்னலில் இருந்தவர் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். முன்னுரைப் பக்கங்களைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் பின்னட்டைக்குப் போனார். முத்திரை குத்திச் சீட்டைக் கொடுத்தார்.

அவள் அதை வாங்கி மடிக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

"எதுனா சாப்புடுறியா?"

தலையாட்டினாள். எதிரே இருந்த கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டாள். தட்டு காலியானதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வாங்கு" என்றாள்.